ஒட்டுத் தெரியாத முடிவு: பத்து விநாடி விளம்பரத்தைத் திரும்ப ஓட வைப்பது எப்படி

ஆற்காட்டில் ஓர் இனிப்புக் கடைக்கு மக்கன் பேடா விளம்பரம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கேட்பது வழக்கமானதாகத்தான் இருக்கும். பேடாவைக் காட்டுங்க, கடை போர்டைக் காட்டுங்க, கடைசியில போன் நம்பரோட ‘நன்றி, மீண்டும் வருக’ போடுங்க. அந்தக் கடைசி மூன்று விநாடிதான் ரீலுக்குப் பகை. நன்றி என்ற எழுத்து வந்ததும் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். முழு எழுத்தையும் படித்திருக்கக்கூட மாட்டார்.

இன்ஸ்டாகிராம் ரீலும் யூடியூப் ஷார்ட்ஸும் முடிந்த கையோடு தாமாகவே முதலிலிருந்து ஓடும். நாம் எதையும் அமைக்க வேண்டியதில்லை. முடிந்துவிட்டது என்று பார்ப்பவருக்கு உறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முடிவும் தொடக்கமும் ஒரே காட்சியின் நடுப்பகுதி போல ஒட்டிக்கொண்டால், அவர் இரண்டாம் சுற்றுக்குள் போன பிறகுதான் திரும்ப ஓடுவதைக் கவனிப்பார்.

இதனால் கணக்கில் என்ன மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. பத்து விநாடி ரீலை 100 பேர் பார்க்கிறார்கள். 40 பேர் மூன்றாம் விநாடியில் போய்விடுகிறார்கள், 60 பேர் முழுவதும் பார்க்கிறார்கள். மொத்தம் 120 + 600, அதாவது 720 விநாடி. சராசரி 7.2. இப்போது அந்த 60 பேரும் முடிவும் தொடக்கமும் சேரும் ஒட்டைக் கவனிக்காமல் இரண்டு விநாடி கூடுதலாக இருந்தால் 120 விநாடி சேர்ந்து சராசரி 8.4 ஆகிறது. அந்த 60 பேரில் 25 பேர் இரண்டாம் சுற்றையும் முழுக்கப் பார்த்தால், மற்ற 35 பேரின் இரண்டிரண்டு விநாடியையும் சேர்த்து 720 + 250 + 70 = 1040 விநாடி. சராசரி 10.4. பத்து விநாடி வீடியோவுக்குப் பத்தைத் தாண்டிய சராசரி.

தெரியாமல் போனதால் கிடைக்கும் இரண்டு விநாடி வேறு, வேண்டிப் பார்த்த பத்து விநாடி வேறு. முதலாவதை ஒட்டு தரும். இரண்டாவதற்குத் திரும்பப் பார்க்க ஏதாவது காரணம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ரீலில் வைக்க முடியும்.

ஒரே டேக், நடுவில் வெட்டு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தொடக்கத்துக்கு ஒரு ஷாட்டும் முடிவுக்கு அதே மாதிரி இன்னொரு ஷாட்டும் தனித்தனியாக எடுத்து, இரண்டையும் பொருத்தப் பார்க்கிறார்கள். பொருந்தாது. கை அரை அங்குலம் தள்ளியிருக்கும், பாகின் பளபளப்பு மாறியிருக்கும், வெளிச்சம் ஒரு படி ஏறியிருக்கும். எதுவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் கண் பிடித்துவிடும்.

சுலபமான வழி வேறு. ஒரே ஓட்டத்தில் ஒரு ஷாட் எடுங்கள். அதை நடுவில் ஓர் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுக்குப் பின்னால் உள்ள பாதியை வீடியோவின் தொடக்கத்தில் வையுங்கள். வெட்டுக்கு முன்னால் உள்ள பாதியை வீடியோவின் முடிவில் வையுங்கள். கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் கேமராவில் அடுத்தடுத்துப் பதிவானவை. அதனால் ஒட்டு தானாகவே சேரும், நாம் பொருத்த எதுவும் இல்லை. தொடர்ச்சி உடையும் இடங்கள் வீடியோவின் நடுவுக்குப் போய்விடுகின்றன. அங்கே வழக்கமான கட் இருக்கும், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

இந்த முறையில் தவறான ஒரு பழக்கமும் ஒழிந்துபோகிறது. முதல் ஃப்ரேமை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டினால் லூப் சரியாக வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே படம் இரண்டு ஃப்ரேம் நின்றால் அசைவு ஒரு கணம் தடுக்கும். கடைசி ஃப்ரேம் முதல் ஃப்ரேமுக்கு ஒரு படி முந்தியதாக இருக்க வேண்டும், அதேதாக இருக்கக் கூடாது.

பேடா ஷாட்டின் அமைப்பு

மக்கன் பேடாவின் சிறப்பு உள்ளே இருக்கிறது. வெளியே பார்த்தால் பெரிய குலாப் ஜாமூன் போலத்தான் தெரியும். பிளந்தால்தான் உள்ளே அடைத்த முந்திரியும் பாதாமும் திராட்சையும் தெரியும். ஆகவே பிளக்கும் காட்சிதான் நம் ஒட்டு ஷாட்.

மேசையில் ஒரு எவர்சில்வர் கப், பக்கத்தில் பாகுப் பாத்திரம். மாஸ்டர் பாகிலிருந்து கரண்டியில் ஒரு பேடாவை எடுத்துக் கப்பில் வைக்கிறார், கரண்டி வெளியே போகிறது. வலப்பக்கத்திலிருந்து ஸ்பூன் வருகிறது, மேலிருந்து இறங்குகிறது, பேடாவின் நடுவில் அழுந்துகிறது, இரண்டு பாதியும் விலகுகின்றன. இது முழுவதும் ஒரே டேக்கில் ஏழெட்டு விநாடி. மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “மாஸ்டர், நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சுல செய்யுங்க.” ஸ்பூன் இறங்கும்போது அவர் கேமராவைப் பார்த்து ஒரு கணம் தயங்கினால் அந்த டேக் உதவாது.

வெட்டும் இடம், ஸ்பூன் பேடாவைத் தொடுவதற்கு ஐந்தாறு ஃப்ரேம் முன்பு. ஸ்பூன் காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். அசைவின் நடுவில் வெட்டுவது முக்கியம். எல்லாம் அசையாமல் நிற்கும் இடத்தில் வெட்டினாலும் படம் ஒட்டும், ஆனால் அந்த நிற்றலையே பார்ப்பவர் முடிவாக எடுத்துக்கொள்வார். கை இறங்கிக்கொண்டிருந்தால் கண் கையோடு போகும்.

இப்போது ரீலைத் திறப்பவருக்கு முதலில் தெரிவது பேடாவின் மேல் இறங்கும் ஸ்பூன். அடுத்த கணம் பேடா பிளக்கிறது. கடைசியில் புதிய பேடா கப்பில் விழுகிறது, ஸ்பூன் இறங்குகிறது, பிளக்கப் போகிறது என்று எதிர்பார்க்கும்போது பிளந்தும் விடுகிறது. அது முதல் சுற்றின் முடிவா இரண்டாம் சுற்றின் தொடக்கமா என்று அவருக்குப் பிரித்தறிய வழியில்லை.

மொத்த வரிசை இப்படி. முதல் 2.5 விநாடி பிளக்கும் பாதி. அடுத்த 2.5 விநாடி உள்ளே இருக்கும் பருப்புகளின் நெருக்கக் காட்சி. அதற்கடுத்த 2.5 விநாடி கடை முகப்பும் போர்டும். கடைசி 2.5 விநாடி பேடாவைக் கப்பில் வைத்து ஸ்பூன் இறங்கும் பாதி. மொத்தம் பத்து விநாடி, 30 ஃப்ரேம் வேகத்தில் 300 ஃப்ரேம், ஒவ்வொரு துண்டும் 75.

கடைப் பெயர் மூன்றாவது துண்டிலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். கடைக்காரருக்கு இது முதலில் பிடிக்காது. பெயர் கடைசியில் வராவிட்டால் யாருக்கும் மனதில் நிற்காது என்பார். இரண்டு சுற்று பார்த்தவர் போர்டை இரண்டு தடவை பார்க்கிறார் என்று சொன்னால் சரி என்பார். இதையே காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டினால் வாட்ஸ்அப் பட்டனோ அழைப்புப் பட்டனோ வீடியோவின் மேலேயே இருக்கும். நம்பருக்கென்று தனி அட்டை தேவையே இல்லை.

எடுக்கும்போது பூட்ட வேண்டியவை

ஒரே டேக் என்றாலும் கெடுவதற்கு இடம் இருக்கிறது. போனின் ஆட்டோ எக்ஸ்போஷர்தான் முதல் எதிரி. பளபளக்கும் ஸ்பூன் உள்ளே வந்ததும் போன் வெளிச்சத்தைக் குறைக்கும், போனதும் கூட்டும். பேடாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். புரோ மோடு உள்ள போனில் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். போன் ட்ரைபாடில் இருக்க வேண்டும். கையில் பிடித்த ஷாட்டும் ஒட்டும், ஆனால் நடுவில் வரும் கட் குலுங்கித் தெரியும்.

அடுத்தது கடை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். ஷட்டர் வேகம் 1/60 என்று இருந்தால் படத்தில் வெளிச்சம் அலை அலையாக ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் போய்விடும். புரோ மோடு இல்லாத போன் என்றால், முகப்புக்கு நேர்வெயில் வராத நேரம் பார்த்து, அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்திலேயே எடுங்கள்.

பேடாக்களை ஐந்தாறு தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு டேக்குக்கு ஒன்று போய்விடும். ஊறி அதிகம் மெத்தென்று ஆனது ஸ்பூன் பட்டதும் நசுங்கும், சரியாக ஊறாதது வழுக்கி ஓடும். இரண்டு பாதியாகத் திறப்பது எது என்று மாஸ்டருக்குத் தெரியும்.

குரலும் ஒட்ட வேண்டும்

படம் ஒட்டினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ‘வாங்க, சுவைங்க!’ என்று குரல் தணிந்து முடிந்தால் அதுவும் ஒரு நன்றி அட்டைதான். வாக்கியத்தின் முன்பாதி ரீலின் முடிவிலும் பின்பாதி தொடக்கத்திலும் வர வேண்டும். தொடக்கத்தில் வரும் பகுதி தனியாகக் கேட்டாலும் முழுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.

நம் ரீலுக்கு ஒரு வாசகம்:

“உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. முந்திரி, பாதாம், பிஸ்தா, திராட்சை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, காலையில எட்டு மணியில இருந்து. ஆற்காடு மக்கன் பேடா வாங்குறதுக்கு முன்னாடி…”

முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போனால் ‘ஆற்காடு மக்கன் பேடா வாங்குறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க’ என்று ஒரே வாக்கியம். வினை கடைசியில் வரும் நம் பேச்சுக்கு இது நன்றாகவே உட்காரும். ‘-றதுக்கு முன்னாடி’, ‘-ணும்னா’, ‘-ன்னு கேட்டா’ என்று எதில் நிறுத்தினாலும் அடுத்தது வரும் என்று காது காத்திருக்கும். வாசகம் ஏறத்தாழ இருபது சொல். பத்து விநாடிக்கு அதற்கு மேல் ஏற்றினால் மூச்சு முட்டும்.

பதிவு செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாசகத்தை ஒரு முறை படித்து நிறுத்தினால் ‘முன்னாடி’ என்ற சொல்லில் குரல் தானாக இறங்கிவிடும், ‘உள்ளே’ புதிதாகத் தொடங்குவது போல ஏறும். நிறுத்தாமல் மூன்று சுற்று தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். நடுச் சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். அதன் தொடக்கத்தில் முந்திய வாக்கியத்தின் தொடர்ச்சி இருக்கும், முடிவில் அடுத்ததற்கான எதிர்பார்ப்பு இருக்கும். ஷாட்டுக்குச் செய்த அதே வேலைதான்.

‘முன்னாடி’க்குப் பின் மூன்று ஃப்ரேம் அளவு மௌனம் விட்டு முடியுங்கள். சுற்று திரும்பும் இடத்தில் ஆப்பும் தன் பங்குக்கு ஒரு கண இடைவெளி விடும், போனுக்குப் போன் அது மாறும். பேச்சில் கமா போட்டு நிறுத்தும் இடத்தில் அந்த இடைவெளி விழுந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லின் நடுவில் விழுந்தால் விக்கல் போலக் கேட்கும்.

இசை

இசையை நீளத்துக்கேற்ப வெட்டாமல், நீளத்தை இசைக்கேற்ப வையுங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு உள்ள இசை என்றால் ஒரு தட்டு 60 ÷ 96 = 0.625 விநாடி. பதினாறு தட்டு சரியாகப் பத்து விநாடி. நான்கு தட்டுக்கு ஒரு பார் என்றால் நான்கு பார், ஒவ்வொரு பாரும் 2.5 விநாடி. மேலே ஷாட்டுகளை 2.5 என்று பிரித்ததற்குக் காரணம் இதுதான். 120 தட்டு இசை வைத்திருந்தால் எட்டு விநாடி அல்லது பதினாறு விநாடி எடுங்கள். பத்து விநாடி என்றால் ஐந்து பார், சுற்று திரும்பும்போது தாளம் நொண்டும்.

பாட்டின் முதல் நான்கு பாரை எடுக்க வேண்டாம். தொடக்கத்தில் முந்திய ஒலியின் கார்வை எதுவும் இருக்காது, முடிவில் இருக்கும். ஒட்டில் அந்த வேறுபாடு கேட்கும். ஐந்தாம் பாரிலிருந்து எட்டாம் பார் வரை எடுத்தால் இரு முனையிலும் ஒரே நிறைவு இருக்கும்.

முதல் ஃப்ரேமில் ஒரு தட்டு, தபேலாவோ டிரம்மோ, விழுமாறு வையுங்கள். புல்லாங்குழல், வயலின் போல நீளும் ஒலி ஒட்டின் மேல் வரக் கூடாது. காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. எம்பி4 கோப்பில் ஒலியைச் சுருக்கும் ஏஏசி முறை கோப்பின் தொடக்கத்தில் சில பத்து மில்லி விநாடி வெற்றொலி சேர்க்கும். அதை ஒழுங்காகத் தள்ளிவிட்டு ஓட்டாத பிளேயரும் உண்டு. நீளும் சுரத்தில் அந்த ஓட்டை உடனே கேட்கும். தட்டுக்கு முன் வரும் சிறு மௌனம் கேட்காது. வணிக விளம்பரம் என்பதால் சினிமாப் பாட்டு வேண்டாம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை உள்ள இசையையே எடுங்கள். பிறகு பாட்டு நீக்கப்பட்டு ஊமையாக ஓடும் ரீலுக்கு ஒட்டு எப்படி இருந்தால் என்ன.

டைம்லைனில்

ஒட்டு டேக்கை டைம்லைனில் போட்டு வெட்டும் ஃப்ரேமைக் கண்டுபிடித்துப் பிரியுங்கள். பின்பாதி முதலில், முன்பாதி கடைசியில். இதற்குப் பிறகு ஒரே ஒரு விதி: பின்பாதியின் தலையையும் முன்பாதியின் வாலையும் தொடவே கூடாது. நீளம் குறைக்க வேண்டுமென்றால் பின்பாதியின் வாலையும் முன்பாதியின் தலையையும் வெட்டுங்கள், அவை நடுவில் ஒளிந்திருக்கின்றன. பீட்டோடு பொருந்தவில்லை என்று ஒட்டு முனையில் இரண்டு ஃப்ரேம் கிள்ளினால் எல்லாம் போச்சு, ஸ்பூன் துள்ளும்.

இரண்டு பாதிக்கும் ஒரே வேகம், ஒரே அளவு, ஒரே நிறம். பிளக்கும் காட்சியை மட்டும் ஸ்லோ மோஷன் ஆக்க ஆசை வரும். செய்தால் கடைசியில் வேகமாக இறங்கும் ஸ்பூன் தொடக்கத்தில் திடீரென்று மெதுவாகும். ஸ்லோ வேண்டுமென்றால் நடுவில் உள்ள பருப்புக் காட்சியில் செய்யுங்கள். மெல்ல ஸூம் ஆகும் எஃபெக்ட்டும் இப்படித்தான். கடைசித் துண்டு 110 சதவீதத்தில் முடிந்து முதல் துண்டு 100 சதவீதத்தில் தொடங்கினால் படம் பின்னால் குதிக்கும். ஃபேட் இன், ஃபேட் அவுட் இரண்டும் வேண்டாம். சில எடிட்டிங் ஆப்கள் தம் லோகோவை ஒரு துண்டாகக் கடைசியில் தாமே சேர்க்கும், அதைத் தேடி அழியுங்கள்.

எழுத்துகளை இரண்டாம், மூன்றாம் துண்டுகளுக்குள் அடக்கிவிடுங்கள். ஒட்டின் இருபுறமும் எழுத்தே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. தலைப்பு எப்போதும் தெரிய வேண்டும் என்றால் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை ஒரே இடத்தில், அசையாமல் இருக்கட்டும். பறந்து வரும் எழுத்து ஒவ்வொரு சுற்றிலும் பறந்து வந்து ‘இதோ மறுபடி ஆரம்பம்’ என்று அறிவிக்கும். ரீல்ஸ் விளம்பரத்தில் கீழே ஏறத்தாழ 35 சதவீதமும் மேலே 14 சதவீதமும் ஆப்பின் எழுத்துகளும் பட்டன்களும் மறைக்கும் இடம் என்று மெட்டா சொல்கிறது. 1920 புள்ளி உயரத்தில் கீழே 670 புள்ளி. கடை போர்டு அதற்கு மேலே வருமாறு எடுங்கள்.

திரும்பப் பார்க்கக் காரணம் என்று முதலில் சொன்னது இரண்டாம் துண்டில் வர வேண்டும். குரல் நான்கு பெயர் சொல்கிறது. பிளந்த பேடாவில் ஐந்தாவதாக, கடையின் கலவையில் இருந்தால், சாரைப்பருப்பும் தெரியட்டும். ‘இதில் சொல்லாம விட்டது எது?’ என்ற ஒரு வரி அந்த 2.5 விநாடிக்கு மட்டும். பார்த்து முடிப்பதற்குள் காட்சி மாறும், இன்னொரு சுற்று காத்திருப்பார்கள். முகவரியையோ விலையையோ இப்படி வேகமாக மறைக்காதீர்கள். வாங்க வந்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

ஏற்றும் முன் சோதனை

ஏற்றுமதி செய்த கோப்பை அப்படியே புதிய புராஜெக்ட்டில் மூன்று முறை வரிசையாக வைத்து ஓட்டிப் பாருங்கள். கணினியில் ffmpeg என்ற வீடியோ மென்பொருள் இருந்தால் ஒரு வரி போதும்:

```
ffmpeg -stream_loop 3 -i peda.mp4 -c copy test.mp4
```

இது நான்கு சுற்று ஓடும் கோப்பைத் தரும். முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எது தடுக்கிறது என்று தெரியாது. முதல், கடைசி ஃப்ரேம்களைப் படமாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க:

```
ffmpeg -i peda.mp4 -frames:v 1 first.png
ffmpeg -sseof -0.5 -i peda.mp4 -update 1 last.png
```

ஸ்பூன் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். கப், பேடா, நிழல் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் அடிக்கடி பிடிபடுவது, சுற்றின் முடிவில் படம் ஒரு கணம் உறைவது. பெரும்பாலும் ஒலித்தடம் படத்தைவிட இரண்டு மூன்று ஃப்ரேம் நீளமாக இருக்கும். ஒலி முடியும்வரை கடைசிப் படம் காத்து நிற்கிறது. எல்லா ஒலித்தடங்களையும் படம் முடிவதற்கு ஒரு ஃப்ரேம் முன்பே முடித்துவிடுங்கள். சோதனையில் சரியாக இருந்து ஆப்பில் மட்டும் தடுக்கிறது என்றால் அது ஆப்பின் இடைவெளி, அதை நம்மால் நீக்க முடியாது. ஷார்ட்ஸில் பிரைவேட்டாக ஏற்றி இரண்டு போனில் பார்த்துவிட்டு வெளியிடலாம்.

எண்களில் எதைப் பார்ப்பது

யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கும்போதும் திரும்ப ஓடும்போதும் பார்வையாகக் கணக்கிடுகிறது. ஆகவே லூப் ரீலில் வியூஸ் ஏறுவது இயல்பு, அதை வைத்துக் கடைக்காரரை மகிழ்விக்க வேண்டாம். சராசரி பார்த்த நேரத்தை வீடியோ நீளத்தால் வகுத்துப் பாருங்கள். மெட்டாவின் விளம்பர மேலாளரில் `Video plays` திரும்ப ஓடியதைச் சேர்ப்பதில்லை, `Video average play time` சேர்க்கிறது. அங்கே பத்து விநாடி விளம்பரத்துக்குப் பத்துக்கு மேல் வந்தால் லூப் வேலை செய்கிறது.

ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வரைபடத்தின் கடைசி ஒரு விநாடியைக் கவனியுங்கள். அங்கே கோடு சரிந்தால் முடிவை மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். குரல் தணிந்ததா, இசை மங்கியதா, கை நின்றதா என்று பாருங்கள். கடைசியில் சரியாமல், தொடக்கம் நூறு சதவீதத்துக்கு மேல் ஏறி இரண்டாம் விநாடிக்குள் சட்டென்று இறங்கினால் ஒட்டு நன்றாக இருக்கிறது, திரும்பப் பார்க்கக் காரணம் இல்லை. அப்போது மாற்ற வேண்டியது பருப்புக் காட்சியை, ஒட்டை அல்ல. மூன்றாம் விநாடிக்குள் பாதிப் பேர் போய்விட்டால் முடிவைப் பற்றிப் பேசுவதே வீண், அவர்கள் அதுவரை வரவேயில்லை.

வேறு பொருளுக்கு

ஆரணிப் பட்டுக்குச் சேலையை லென்ஸ் மேல் வீசி எடுக்கலாம். துணி லென்ஸை முழுக்க மூடிய நேரத்தில் வெட்டுங்கள். துணி விலகுவது தொடக்கம், வந்து மூடுவது முடிவு. இது சுலபமான ஒட்டு, ஏனென்றால் படம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். ஆனால் துணியில் தொடங்கும் ரீலில் முதல் அரை விநாடி என்னவென்றே புரியாது, ஆகவே துணி விரைவில் விலக வேண்டும். ஆம்பூர் பிரியாணிக்குத் தம் உடைக்கும் காட்சி தானாகவே தோன்றும். அதில் ஒரு சிக்கல், ஓர் அண்டாவுக்கு ஒரே டேக்தான். இரண்டு போன் வைத்து எடுங்கள், ஆவி நேராக லென்ஸில் படாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மூடி தூக்கப்படும் அசைவின் நடுவில் வெட்டினால் ஆவி அடுத்த சுற்றின் தொடக்கத்தில் எழும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் இதெல்லாம் பயன்படாது, அவை முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடும். அங்கே இந்த ரீலை அப்படியே போட்டால் ‘வாங்குறதுக்கு முன்னாடி’ என்று அந்தரத்தில் நிற்கும். யூடியூபில் பெரிய வீடியோவுக்கு முன் வரும் ஆறு விநாடி விளம்பரமும் அப்படியே. இந்த இடங்களுக்குக் கடைக்காரர் முதலில் கேட்ட நன்றி அட்டையோடு, வாக்கியம் முடிந்த இன்னொரு பதிப்பை ஏற்றுமதி செய்து வையுங்கள். தீபாவளி முன்பதிவுக்குக் கடைசி நாள் போன்ற ஒரு தேதியை மனதில் பதிய வைக்க வேண்டிய விளம்பரத்துக்கும் அந்தப் பதிப்பே சரி. தேதி கடைசியாக வந்து, திரையில் நின்று, படிக்கப்பட வேண்டும்.